தோளில் ஒரு வெளிச்சம்

பாலக்கரையில் இறந்துபோகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உயிரோடு இருந்த காலமெல்லாம் அழுக்குச் சுவர், தண்ணீர்க் குடம், ஆணியில் தொங்கும் சட்டை, பாதி தெரியும் ஃபிரிட்ஜ் இவற்றின் முன்னால் நின்றே போட்டோ எடுத்துக்கொண்டவர்கள், இறந்த மறுநாள் காலையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் பார்த்தால், பொன்னிற ஒளிவட்டங்கள் மிதக்கும் ஏதோ ஒரு தேவலோகத்தின் வாசலில் நின்றுகொண்டிருப்பார்கள். ஃபிரிட்ஜ் இருக்காது. சட்டை இருக்காது. மெத்துமெத்தென்று, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, வெளிச்சங்கள் மட்டும் இருக்கும். இந்த மோட்ச ஏற்பாட்டை எந்தச் சபையின் அனுமதியும் பெறாமல் செய்துகொடுத்து வந்தவர் பெயர் ஆசீர். தொழில்: பிலோமின் டிஜிட்டல்ஸில் டிசைனர். குணம்: சாஃப்ட்.

குணத்தை முதலில் சொல்லிவிடுவது நல்லது. ரயில்வே பணிமனையில் வேலை பார்த்த அமிர்தசாமியின் மகனாகப் பிறந்த ஆசீர், பிறந்ததிலிருந்து எந்தக் கேள்விக்கும் விளிம்புள்ள பதில் சொன்னதாக ஊரில் சாட்சி கிடையாது. சர்ச்சின் பங்குக் கமிட்டித் தேர்தலில் கையைக் காதுவரை மட்டும் தூக்கினார். தலை சொறிந்தாரா, வாக்களித்தாரா என்று இரண்டு கோஷ்டியும் இன்றுவரை விவாதிக்கின்றன. கல்யாணமான புதிதில் மனைவி லிசி, "என்னை உங்களுக்குப் புடிச்சுத்தான் கட்டுனீங்களா?" என்று கேட்டதற்கு, சற்று யோசித்துவிட்டு, "அப்படியும் சொல்லலாம்" என்றார். லிசி அன்றைக்கு வைத்த மீன் குழம்பில் உப்பு இல்லை. அதையும் அவர் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவருக்குக் கடவுள் கொடுத்த தொழில் பின்னணியை மங்கலாக்குவது. கடவுளுக்கும் சில சமயம் ஆள் பார்த்து வேலை கொடுக்கத் தெரிகிறது.

அந்தத் தொழில் லேசானது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேமரா லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைய ஓர் ஓட்டை உண்டு. ஃபோகஸுக்கு வெளியே மாட்டிக்கொண்ட சின்ன விளக்கு எதுவானாலும், படத்தில் பெரிதாக ஊதி, அந்த ஓட்டையின் வடிவத்தையே எடுத்துக்கொள்ளும். ஓட்டை முழுக்கத் திறந்திருந்தால் வட்டம். ஓட்டையைச் சுற்றி ஆறு தகடுள்ள லென்ஸைக் கொஞ்சம் மூடினால் அறுகோணம். படத்தின் ஓரத்துக்குப் போகப்போக வட்டம் நசுங்கி எலுமிச்சம்பழமாகும். விளிம்பு கூராக இருந்தால் சோப்புக் குமிழி போல இருக்கும். விளிம்பு கரைந்தால் வெண்ணெய் போல. இந்த மொத்த விவகாரத்துக்கும் பொக்கே என்று பெயர். வாடிக்கையாளர்கள் அதைப் பந்து லைட்டு என்பார்கள்.

ஆசீர் உபயோகித்த ஏஐ-க்கு லென்ஸும் கிடையாது, ஓட்டையும் கிடையாது. கோடிக்கணக்கான படங்களையும் அவற்றுக்கடியில் எழுதியிருந்த வார்த்தைகளையும் அது ஒருசேரப் பார்த்து வைத்திருந்தது, அவ்வளவுதான். ஆகவே அங்கே வார்த்தைதான் ஓட்டை. 'பிளர் பேக்ரவுண்ட்' என்று மட்டும் போட்டால் சுவரைத் தண்ணீரில் நனைத்தது மாதிரி ஒரு கலங்கல் வரும்; பந்து வராது. பந்து வேண்டுமென்றால் முதலில் விளக்கு வேண்டும். 'தூரத்தில், சின்னச் சின்ன மஞ்சள் சீரியல் விளக்குகள்; எண்பத்தைந்து மில்லி லென்ஸ், எஃப் ஒன் பாயிண்ட் ஃபோர், முழுக்கத் திறந்தது; பெரிய உருண்டையான பொக்கே; ஓரம் கரைந்தது, கோடு இல்லாமல் வெண்ணெய் மாதிரி' என்று ஆசீர் இங்கிலீஷில் டைப் செய்தால் தேவலோகம் தயார்.

இப்படிப் பல தேவலோகங்களைச் சேமித்து வைத்திருந்தார். வயதாகிப் போனவர்களுக்குப் பெரிய பந்து, கொஞ்சமாக. அகாலத்தில் போனவர்களுக்குச் சின்னப் பந்து, நிறைய. கல்யாண வரவேற்புக்கு இருதய வடிவம். ஒருமுறை அவசரத்தில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மரணப் போஸ்டருக்குக் கல்யாண வார்த்தைகளைப் போட்டுவிட, மனிதர் நெற்றியைச் சுளித்தபடி சிவப்பு இருதயங்களுக்கு நடுவில் பாலக்கரை முழுவதும் நின்றார். யாரும் குறை சொல்லவில்லை. அவருடைய மனைவி மட்டும் வந்து, "உயிரோட இருந்தப்ப இப்படி ஒரு நாளும் நின்னதில்ல" என்று சொல்லி, ஃபிரேம் போட ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

ஆசீர் கடையில் படித்த பெரிய பாடம் ஒன்று உண்டு. வேண்டாததை எழுதக் கூடாது. 'அறுகோணம் வேண்டாம்' என்று எழுதினால் அந்த யந்திரம் 'வேண்டாம்' என்பதைத் தவறவிட்டு அறுகோணத்தைப் பிடித்துக்கொண்டு வரும். வேண்டாத ஒன்றைப் போக்க வேண்டுமானால் அதன் பெயரையே உச்சரிக்காமல், அந்த இடத்தில் வேறு என்ன இருக்க வேண்டுமோ அதைத்தான் வர்ணிக்க வேண்டும். இந்தப் பாடத்தை ஆசீர் யந்திரத்திடம் கற்றுக்கொண்டாரா, அல்லது யந்திரம் இவரைப் போன்றவர்களிடம் கற்றுக்கொண்டதா என்பது ஆராய்ச்சிக்குரியது.

ஒரு மத்தியானம் லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இருவர் கடைக்கு வந்தார்கள். ஒருவர் மருதை, மொட்டையடித்த தலை, தோளில் துண்டு. மற்றவர் அவருடைய தம்பி சின்னையா. முழங்கை வரை மடித்த வெள்ளைச் சட்டை. இறந்தது மருதையின் மகள் செவ்வந்தி. காலேஜ் முடித்தவள்.

"என்னாச்சுங்க?" என்று முதலாளி பிலோமின்ராஜ் துக்கத்துக்கென்று வைத்திருந்த குரலில் கேட்டார்.

"வயித்து வலி," என்றார் சின்னையா.

மருதை செல்போன் ஒன்றை எடுத்து ஆசீரிடம் நீட்டினார். பெண்பிள்ளையின் போன், உறையில் பூனை பொம்மை ஒட்டியிருந்தது.

ஸ்ரீரங்கம் கோபுரத்துக்கு முன்னால் சாயங்காலம் எடுத்த படம். செவ்வந்தி சிரித்துக்கொண்டிருந்தாள். தலை லேசாகப் பின்பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த பக்கத்தில் அவளுக்குச் சற்றுப் பின்னே மஞ்சள் சட்டை போட்ட ஓர் இளைஞன் நின்றிருந்தான். அவனும் சிரித்துக்கொண்டிருந்தான். அவனுடைய கை அவள் தோளில் இருந்தது. அவள் கழுத்தில் புதிய மஞ்சள் கயிறு.

ஆசீர் படத்தையும் பார்த்தார், இருவரையும் பார்த்தார். கேட்க வேண்டியது ஒன்று தொண்டை வரை வந்தது. அதன் விளிம்பைத் தட்டிவிட்டு, "வேற படம் இருக்குங்களா அய்யா?" என்று கேட்டார்.

"அதான் நானும் சொல்றேன்," என்றார் சின்னையா. "ஐடி கார்டு போட்டோ இருக்குண்ணே, அதையே போடுவோம்."

"அதுல சிரிக்கலடா," என்றார் மருதை. கடைக்குள் வந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். "எதுலயும் சிரிக்கல. இதுல ஒண்ணுலதான் சிரிக்குது."

சின்னையா ஆசீரின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "பின்னாடி இருக்குறதெல்லாம் போகணும் தம்பி. எல்லாத்தையும் லைட்டா ஆக்கிருங்க. போஸ்டர்ல போடுவீங்களே, பந்து பந்தா."

"கழுத்துல..."

"செயின் போட்டுருங்க."

பிலோமின்ராஜ் கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் ஒன்றும் இல்லை.

ஆசீர் பெண்ணைச் சுற்றி வெட்டிப் பின்னணி முழுவதையும் தேர்ந்தெடுத்தார். கற்ற பாடத்தை மறந்து, 'மங்கலான பின்னணி, விளக்குகள், ஆண் யாரும் இல்லை' என்று டைப் செய்துவிட்டார். யந்திரம் கடமை தவறாதது. விளக்குகளை வரைந்து, அவற்றுக்கு நடுவில் ஆண் ஒருவனையும் வரைந்து கொடுத்தது. மங்கலாக, முகமில்லாமல், அதே உயரத்தில்.

"என்ன தம்பி, விளையாடுறீங்களா?" என்றார் சின்னையா.

ஆசீர் வார்த்தைகளை மாற்றினார். இப்போது ஆளின் பெயரே இல்லை. தூரத்துக் கோபுர விளக்குகள், சின்னதாக, நிறைய. இம்முறை பந்துகள் ஒவ்வொன்றும் சோப்புக் குமிழி மாதிரி பளிச்சென்று கரை கட்டிக்கொண்டு வந்தன.

"இது என்ன, முட்டை பொரிச்ச மாதிரி இருக்கு."

ஓரம் கரைந்தது, கோடு இல்லாதது, மெதுவாக இருட்டுக்குள் மறைவது என்று சேர்த்தார். மூன்றாவது முறை எல்லாம் சரியாக வந்தது. நடுவில் முழு வட்டங்கள், ஓரங்களில் லேசாக நசுங்கிய வட்டங்கள், நிஜ லென்ஸில் வருவது போலவே. மஞ்சள் சட்டை இருந்த இடத்தில் மஞ்சளான வெளிச்சம் ஒன்று பெரிதாக நின்றது. தொழில் ரீதியாகப் பார்த்தால் அழகான வேலை.

கழுத்துக் கயிறும் செயினாகிவிட்டது; கைதான் மிச்சம். கை பின்னணியில் இல்லை, தோள்மேல் இருந்தது. நான்கு விரல்கள். அவற்றைத் தேர்ந்தெடுத்து 'ஜாக்கெட் துணி, தோள்' என்று எழுதினார். யந்திரம் விரல்களை எடுத்துவிட்டு ஒரு தோள் செய்து கொடுத்தது. உருண்டையாக, யாருடையதோ ஒரு தோள்.

மருதை குனிந்து பார்த்தார். "என் பொண்ணு தோளு அப்படி இருக்காதுங்க."

மறுபடி செய்தார். மறுபடியும் மருதை இல்லையென்று தலையசைத்தார். தன் பெண்ணின் தோள் எலும்பு எப்படி இருக்கும் என்று தெரிந்த அப்பா அவர். மற்ற எதையெல்லாம் தெரிந்திருந்தார் என்பதை அவருடைய முகத்திலிருந்து படிக்க முடியவில்லை.

கடைசியில் ஆசீருக்கு அந்த யோசனை வந்தது. வெளிச்சம் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று என்ன சட்டம்? லென்ஸுக்கு வெகு அருகில் ஒரு விளக்கு இருந்தால் அதுவும் ஃபோகஸ் போய் ஊதி, தனக்கு அப்பால் நிற்கிற எதையும் மூடிக்கொள்ளும். கையிருந்த இடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதினார்: 'முன்புறத்தில் ஃபோகஸுக்கு வெளியே ஒரே ஒரு பெரிய இளமஞ்சள் பொக்கே, மிக மென்மையான விளிம்பு, பால் மாதிரி.' நாலு விரலும் ஒரு வட்டத்துக்குள் போய்ச் சேர்ந்தன. அவருடைய தொழில் மனசாட்சி மெல்ல முனகியது. மற்ற வெளிச்சமெல்லாம் பின்னால் இருக்க, இது மட்டும் முன்னால் எங்கிருந்து வந்தது, கோபுர வாசலில் லென்ஸுக்கு முன்னால் விளக்குப் பிடித்தது யார் என்று விவரம் தெரிந்தவன் கேட்கலாம். விவரம் தெரிந்தவன் லால்குடி பஸ் ஸ்டாண்டில் நின்று போஸ்டர் பார்க்கப் போவதில்லை என்று அதற்குச் சமாதானம் சொன்னார். தொழில் மனசாட்சி அடங்கிற்று. வேறு மனசாட்சி ஏதும் இருந்திருந்தால் அதுவும் அடங்கியிருக்க வேண்டும்.

"இது நல்லாருக்கு," என்றார் சின்னையா. "சாமி வெளிச்சம் மாதிரி இருக்கு. பழசு எங்க இருக்கு?"

"எதுங்க?"

"பழைய படம். இதுல இருக்குல்ல? அழிங்க. நான் பாக்குறேன்."

ஆசீர் முதலாளியைப் பார்த்தார். "கஸ்டமர் சொன்னா செஞ்சிரு ஆசீர்," என்றார் பிலோமின்ராஜ், தெருவிடம்.

ஆசீர் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தார். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழித்தார். கடை வாட்ஸ்அப்பிலிருந்தும் அழித்தார். சின்னையா ஒவ்வொன்றையும் தலையாட்டி அங்கீகரித்தார். பிறகு பூனை ஒட்டிய போனை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மருதை திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், "சிரிப்ப மட்டும் தொட்றாதீங்க தம்பி," என்றார்.

சிரிப்பைத் தொடவில்லை. ஆசீரின் வரலாற்றில் அது ஒரு சாதனை.

போஸ்டர் ஒட்டிய இரண்டொரு நாளில் அந்த இளைஞன் கடைக்கு வந்தான். மஞ்சள் சட்டை இல்லை. அரியமங்கலத்து லேத் பட்டறையின் எண்ணெய்க் கறையோடு நீலச் சட்டை. புருவத்துக்கு மேல் தையல். ஆசீருக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அந்த முகத்தைத்தான் அவர் மூன்று முறை மங்கலாக்கியிருந்தார்.

"அண்ணே, செவ்வந்தி போஸ்டர் நீங்க செஞ்சதா?"

"ஆமா... நம்ம கடைதான். பல பேர் செய்வோம்," என்றார் ஆசீர். கடையில் செய்கிறவர் அவர் ஒருவர்தான்.

"என் பேரு ரெங்கராஜ். அந்தத் தோள்ல ஒரு லைட்டு இருக்குல்ல? அது என் கைண்ணே."

ஆசீர் மேஜைமேல் இருந்த கத்தரிக்கோலை நேராக வைத்தார்.

ரெங்கராஜ் நின்றுகொண்டே சொன்னான். இருவரும் ஒரு சின்னக் கோயிலில் தாலி கட்டிக்கொண்டு நேரே ஸ்ரீரங்கம் போனார்கள். அங்கே பூ விற்ற அம்மாளிடம் அவள் போனைக் கொடுத்து அந்தப் படத்தை எடுத்தார்கள். கல்யாணத்தைப் பதிவு செய்ய நேரம் கிடைப்பதற்குள் அவளுடைய ஆட்கள் வந்தார்கள். அவளை வேனில் ஏற்றினார்கள். இவன் போனை உடைத்தார்கள், புருவத்தையும் உடைத்தார்கள். பிறகு வயிற்று வலி. பொழுது சாய்வதற்குள் எரித்தும் விட்டார்கள்.

"ஸ்டேஷன்ல போயி சொன்னேன். அவங்க வீட்ல கல்யாணமே ஆகல, இவன் யாருன்னே தெரியாதுங்கறாங்க. கோயில்ல கேட்டா, தினமும் எத்தனையோ பேர் வராங்க, ஞாபகம் இல்லங்கறாங்க. நான் அவளுக்கு யாருன்னு காட்ட அந்தப் படம் ஒண்ணுதாண்ணே இருக்கு. அதக் காட்டுனாத்தான் கேஸே எடுப்பாங்களாம். குடுங்க."

"அது... இப்ப சிஸ்டத்துல இல்லியே தம்பி."

"இல்லன்னா?"

"அழிஞ்சிருச்சு."

அழித்தேன் என்று சொல்வதற்கும் அழிந்துவிட்டது என்று சொல்வதற்கும் நடுவில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அவ்வளவு இடத்தில்தான் ஆசீர் ஆயுள் முழுவதும் குடியிருந்தார்.

ரெங்கராஜ் சற்று நேரம் திரையைப் பார்த்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. லேத் பட்டறைக்காரனுக்குத் தோன்றக்கூடிய தெளிவு அது. "நீங்கதான மங்கலாக்குனீங்க? அப்ப திருப்பித் தெளிவாக்குங்க. மாட்டுன நட்டைக் கழட்டுறது இல்லியா?"

முடியாது என்று ஆசீர் சொல்லியிருக்க வேண்டும். மங்கல் என்பது படத்தின்மேல் போர்த்திய துணி அல்ல. துணியை இழுத்தால் அடியில் ஆள் இருக்க மாட்டான். அங்கே இருந்த படத்தை எடுத்துவிட்டுப் புதிதாக வெளிச்சம் வரைந்தாயிற்று. யந்திரத்துக்கு ஞாபகம் கிடையாது, கற்பனை மட்டும்தான் உண்டு. இதெல்லாம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் முடியாது என்பது விளிம்புள்ள வார்த்தை. "பாக்கலாம்" என்றார்.

போஸ்டர் படத்தைத் திறந்து, மஞ்சள் வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்து, 'தெளிவான பின்னணி, மஞ்சள் சட்டை அணிந்த இளைஞன், பெண்ணின் தோளில் கை' என்று எழுதினார். திரையில் சக்கரம் சுற்றியது. செவ்வந்தியின் பின்னால் ஒருவன் தோன்றினான். செதுக்கிய மீசை, பற்பசை விளம்பரத்துப் பல். அவள் தோளில் உரிமையோடு கை வைத்திருந்தான்.

"இது நான் இல்ல."

"இரு தம்பி." மறுபடி. இம்முறை சற்றுக் கறுப்பாக, சற்று ஒல்லியாக இன்னொருவன்.

"இதுவும் நான் இல்லண்ணே."

மூன்றாவது மாப்பிள்ளைக்குத் தாடி இருந்தது. செவ்வந்தி மூவருக்கும் ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ரெங்கராஜ் கையை நீட்டித் திரையை மறைத்தான். 

"போதும் அண்ணே. வச்சுருங்க." குரல் இறங்கியிருந்தது. "நீங்க பாத்தீங்கல்ல? என் கை அங்க இருந்தத நீங்க பாத்தீங்க. கழுத்துல கயிறு இருந்தத பாத்தீங்க. ஸ்டேஷன்ல வந்து அத மட்டும் சொல்லுங்க. படம் இல்லாட்டிப் போகுது. பாத்த ஆளு இருக்காருல்ல."

"சொல்லலாம்," என்றார் ஆசீர்.

அன்று வீட்டில் லிசி சோறு போடும்போது அவளிடம் விஷயத்தைச் சொன்னார். சுற்றி வளைத்துத்தான் சொன்னார்; ஆனால் லிசி பல வருஷம் அவரோடு வாழ்ந்தவள், சுற்றையும் வளைவையும் நீக்கிவிட்டுக் கேட்கத் தெரியும்.

"கை இருந்துச்சா, இல்லியா?"

"இருந்த மாதிரிதான்..."

"என்னங்க, மீன் குழம்பா இது, உப்பு இருக்கா இல்லியான்னு தயங்க? ஒரு பொண்ணு செத்துப் போயிருக்கு. போயி இருந்துச்சுன்னு சொல்லிட்டு வாங்க. ஒரே வார்த்தை."

"அவங்க ஒரு மாதிரி ஆளுங்க லிசி. கடைக்கு ஏதாச்சும்..."

"பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. அதையாவது தெளிவா சொல்லுங்க."

அதையும் அவர் சொல்லவில்லை.

ஸ்டேஷனுக்குப் போனார் என்பதை மறைக்கக் கூடாது. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். வாசல் பெஞ்சில் ரெங்கராஜ் உட்கார்ந்திருந்தான். இவரைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அந்தப் பையன் ஒருவரைப் பார்த்து அப்படி நம்பி நின்றது அதுதான் கடைசியாக இருக்கும்.

ரைட்டர் பேனாவோடு காத்திருந்தார். "சொல்லுங்க. ஒரிஜினல் படத்துல இந்தப் பையன் இருந்தானா?"

ஆசீர் பேச ஆரம்பித்தார். ஆயுள் முழுவதும் பழகிய கலை அந்த இடத்தில் கைகொடுத்தது. பின்னணியில் வெளிச்சம் அதிகமாக இருந்ததாகச் சொன்னார். உருவங்கள் சில இருந்திருக்கக்கூடும் என்றார். கோயில் வாசல் என்பதால் பக்தர்களாகவும் இருக்கலாம். தோளருகே ஏதோ ஒன்று இருந்ததை மறுப்பதற்கில்லை. அது கையா, முந்தானையா, நிழலா என்று உறுதியாகச் சொல்வதற்குப் படத்தின் தரம் போதவில்லை. கழுத்தில் மஞ்சளாகத் தெரிந்தது செயினாகவும் இருக்கலாம். பொய் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. வேண்டாததின் பெயரை எங்கும் உச்சரிக்கவில்லை. அந்த இடத்தில் வேறு என்ன இருக்கலாமோ அதையெல்லாம் வர்ணித்தார். ஓரம் கரைந்தது, கோடு இல்லாதது, மெதுவாக இருட்டுக்குள் மறைவது.

"இருந்துச்சா, இல்லியாய்யா?" என்றார் ரைட்டர் சலிப்போடு.

"அப்படியும் சொல்லலாங்க."

ரைட்டர் எழுதியதைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினார். அந்த வாக்குமூலத்தை வைத்துக்கொண்டு யாரையும் எதற்கும் கூப்பிட முடியாது என்பது எழுதியவருக்கும் தெரிந்தது, பக்கத்தில் நின்று கேட்ட ரெங்கராஜுக்கும் தெரிந்தது. வெளியே வந்தபோது ரெங்கராஜ் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆசீர் சாப்பிட்டுவிட்டுத் தூங்கியிருப்பார். அவன் அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தான், மூன்று மாப்பிள்ளைகளைத் திரையில் பார்த்த அதே மாதிரி. பிறகு படியிறங்கிப் போனான். லேத் பட்டறை வேலையையும் விட்டுவிட்டு அவன் ஊரைவிட்டே போய்விட்டதாகப் பின்னால் யாரோ சொன்னார்கள்.

வியாபாரம் பெருகியது. லால்குடி வட்டாரத்திலிருந்து துக்க வீட்டார் வந்து, "அந்தப் பொண்ணுக்குப் போட்ட மாதிரி தோள்ல ஒரு லைட்டு வச்சுக் குடுங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அது புண்ணியம் செய்த ஆத்மாவின் அடையாளம் என்று ஒரு பேச்சு எப்படியோ கிளம்பிவிட்டது. பிலோமின்ராஜ் பூரித்துப் போனார். "உன் தலையில இப்படி ஒரு சரக்கு இருக்குன்னு தெரியாமப் போச்சே!" என்று முதுகில் தட்டினார். ஆசீர் அந்த வார்த்தைகளைத் தனியாகச் சேமித்து வைத்தார்: முன்புறம், ஒரே ஒரு பெரிய இளமஞ்சள் பொக்கே, மிக மென்மையான விளிம்பு, பால் மாதிரி. நெல் வியாபாரிகள், கண்டக்டர்கள், கன்னியாஸ்திரி ஒருவர், எல்லாருடைய தோளிலும் அந்த வெளிச்சம் ஏறிக்கொண்டது. ஒவ்வொன்றாக அச்சாகி வெளியே வரும்போது ஆசீருக்கு மட்டும் அதனுள் நாலு விரல்கள் தெரிந்தன. அவருக்குக் கண் டாக்டரிடம் போகும்படி முதலாளி ஆலோசனை சொன்னார். போனார். பார்வையில் குறை இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

வருஷம் திரும்பி முதலாம் ஆண்டு நினைவஞ்சலிக்கு மருதை வந்தார். இம்முறை தனியாக. முடி வளர்ந்து முழுக்க நரைத்திருந்தது. பழைய போஸ்டரை நாலாக மடித்துக் கொண்டுவந்திருந்தார்; மடிப்புகள் செவ்வந்தியின் கன்னத்தின் குறுக்கே ஓடின.

"இதையே போட்டுருங்க தம்பி. இந்தத் தோள் லைட்டு மட்டும் வேண்டாம்."

"ஏங்க அய்யா? எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க."

"வீட்ல மாட்டி வச்சிருக்கேன். போகும்போதும் வரும்போதும் பாக்குறேன்." மருதை போஸ்டரின் அந்த இடத்தைக் கட்டை விரலால் தடவினார். "கை மாதிரியே இருக்கு."

பிலோமின்ராஜ் கண்ணாடிக் கதவு வழியாகத் தெருவைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அன்னிக்கு எனக்குக் கண்ணே தெரியல. என் தம்பி காட்டுன பக்கமெல்லாம் பாத்தேன். சிரிக்குதேன்னு மட்டும்தான் பாத்தேன்." மருதை ஆசீரின் முகத்துக்கு நேரே குனிந்தார். "நீங்க சொல்லுங்க. அந்தப் பையன் அவள நல்லாத்தான் புடிச்சிருந்தானா? எம்புள்ள அவன்மேலதான் சாஞ்சிருந்துச்சா? இனிமே கேட்டு ஒண்ணும் ஆகப் போறதில்ல. எனக்குத் தெரியணும்."

அவருக்கு வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை அவரிடம் சொல்லக்கூடியவராக ஊரில் மிச்சமிருந்த ஒரே ஆள் எதிரே உட்கார்ந்திருந்தார். ஆசீர் வாயைத் திறந்தார். ஆமாம் என்பது நாக்கின் நுனிவரை வந்தது. அவரே அதைக் கண்டார், விளிம்போடு, கோட்டோடு, பளிச்சென்று.

"அப்படியும் சொல்லலாங்க அய்யா," என்றார்.

மருதை கொஞ்ச நேரம் காத்திருந்தார், இன்னும் ஏதாவது வரும் என்று. பிறகு போஸ்டரை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு கதவைத் தள்ளிப் போனார்.